வீட்டுச் சாவி வாங்கும்போது நீட்டப்படும் அந்த ஒரு பக்கக் காகிதம் - சொந்த மனையில் வீடு கட்டுபவர்களுக்கு எச்சரிக்கை

செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்பா பெயரில் இருந்த மனையில் ஒரு கான்ட்ராக்டரிடம் வீடு கட்டக் கொடுத்தோம். 1,650 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய், பொருளும் கூலியும் அவருடையது. மொத்தம் 37,95,000. பெயரைச் சொல்லப் போவதில்லை, வழக்கு நடக்கிறது. ஆனால் அவர் செய்த வேலையை இந்தத் தொழிலில் நிறையப் பேர் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் "ரிடென்ஷன் 5 சதவீதம்" என்று தெளிவாகவே இருந்தது. 1,89,750 ரூபாய். இவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறாரே என்று எங்கள் மாமாகூடப் பாராட்டினார். பக்கத்திலேயே "ஹேண்டோவரின்போது வழங்கப்படும்" என்று ஒரு வரி. விஷயமே அங்கேதான் இருக்கிறது. ரிடென்ஷன் என்பது வீடு கைக்கு வந்த பிறகும் நம்மிடமே நிற்க வேண்டிய பணம், குறை வந்தால் அவர் திரும்பி வருவதற்கான ஒரே காரணம் அதுதான். பாதியைச் சாவி வாங்கும்போதும், மீதிப் பாதியை, வருகிற குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் கொடுப்பது பரவலான முறை. எங்களுடையதில் எல்லாமே சாவியோடு போய்விடும்படி எழுதியிருந்ததால் அது கடைசித் தவணைதான், ரிடென்ஷன் என்று பெயர் மட்டும்.

அடுத்தது அந்தக் காகிதம். தை மாதம் கிரகப்பிரவேசம், ஜனவரி 2023. ஐயர் வந்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், அப்போது கான்ட்ராக்டர் ஒரு ஃபைலோடு வந்து, "சார், சாவி கொடுக்கிறதுக்கு ஒரு சின்ன ஃபார்மாலிட்டி, இதில் ஒரு கையெழுத்து" என்று அப்பாவிடம் நீட்டினார். ஈபி காகிதங்கள், பிளான் காப்பி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒப்படைப்புச் சான்று. மூன்றே வாக்கியம். எல்லா வேலையும் முழுத் திருப்தியாக முடிந்தது, எந்தக் குறையும் நிலுவையில் இல்லை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் சான்றின் தேதியிலிருந்து ஆறு மாதம். தேதி ஜனவரி 2. அன்றைக்கு மார்கழி, மாடிப் படிக்குக் கைப்பிடிகூட வைக்கவில்லை, வெளிப்புற பெயிண்ட் இரண்டாவது கோட் நடந்துகொண்டிருந்தது. முன்தேதி போட்டு மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே விழுங்கிவிட்டார்.

ஆனால் மூன்று வாரம் பெரிய நஷ்டம் இல்லை. ஆறு மாதம் என்பதுதான் நஷ்டம். ஜனவரி 2-இல் ஆரம்பித்தால் ஜூலை 2-இல் முடிகிறது. நம் பக்கம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மொட்டை மாடி, சன்ஷேட், பால்கனி, ஜன்னல் ஓரம் எதுவும் ஒழுகுகிறதா என்று தெரியவேண்டிய மூன்று மாதமும் அந்த ஆறு மாதத்துக்கு வெளியே நிற்கிறது. தையில் குடிபோகிற பழக்கம் இருக்கிற ஊரில் ஆறு மாதப் பொறுப்பு என்றால், வெயில் காலத்துக்கு மட்டும் பொறுப்பு என்று அர்த்தம். குறைந்தது ஒரு முழு வடகிழக்குப் பருவமழையும் அதற்குப் பின் ஒன்றிரண்டு மாதமும் உள்ளே வருகிற மாதிரி பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மாதம் எழுதி வாங்குங்கள். பேரம் பேச வேண்டிய இடம் சதுர அடிக்குப் பத்து ரூபாய் குறைப்பதில் இல்லை, இதில்தான்.

எங்களுக்கு ஜூனிலேயே ஒரு அறிகுறி வந்தது. 2023 ஜூனில் சென்னைப் பக்கம் திடீரென்று கொட்டியதே, அதற்கு மறுநாள் மாடிப் படுக்கையறையில் சீலிங்கும் சுவரும் சேருகிற மூலையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் திட்டு. உடனே போன் செய்தோம். "புது வீடு சார், பூச்சில் இருக்கிற ஈரம் வெளியே வருது, வெயில் பட்டா தானா காஞ்சிடும்" என்றார். ஆள் அனுப்பி பட்டி பார்த்து பெயிண்டும் அடித்துக் கொடுத்தார், கூலிகூட வாங்கவில்லை. ரொம்ப நல்லவர் என்று நினைத்தோம். அடுத்த சில நாட்களில் ஜூலை 2 கடந்து போனது.

டிசம்பரில் மிக்ஜாம். அந்த மூலையிலிருந்து தண்ணீர் சுவர் வழியாக இறங்கி சுவிட்ச் பாக்ஸ் வரை வந்தது. கீழே பொதுக் குளியலறையை ஒட்டிய சுவரிலும் முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் உப்பி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இந்த முறை அவருடைய பதில் மூன்று: காலம் முடிந்துவிட்டது, குறை இல்லை என்று உங்கள் அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார், புயலுக்கு நான் பொறுப்பில்லை. ஜூனிலேயே சொன்னோமே என்றதற்கு, "எழுத்துல குடுத்தீங்களா?" என்றார். போனில் பேசியது எதற்கும் உதவவில்லை. பெயிண்ட் அடிக்க ஆள் வந்ததற்கும் சாட்சி எங்கள் கேட் கேமராவின் பழைய படம் மட்டும்தான், அதுவும் பத்து நாளில் அழிந்துவிடும் செட்டிங்.

புயல்தான் காரணமா என்று பார்க்க ஒரு சார்ட்டர்டு இன்ஜினியரைக் கூட்டி வந்தோம். அவர் முதலில் எதையும் உடைக்கவில்லை, மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்று பார்த்தார். தண்ணீர் மழைநீர்க் குழாயை நோக்கிப் போகாமல் எதிர் மூலைக்குப் போய்த் தேங்கியது, சரியாக அந்தப் படுக்கையறைக்கு மேல். குழாயின் வாய் சுற்றியுள்ள கூலிங் டைல்ஸைவிட அரை அங்குலம் உயரமாக இருந்தது, அதனால் அரை அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தாலே தண்ணீர் ஓடிவிடும், இங்கே வாட்டமே தலைகீழ். போட்டோ, அளவு, அறிக்கை எல்லாம் முடித்த பிறகுதான் மூலையில் இரண்டு டைல்ஸைப் பெயர்த்தார். வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங் தளத்தோடு நின்றிருந்தது, கைப்பிடிச் சுவரில் ஓரடியாவது ஏற்றி அடித்திருக்க வேண்டும், ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. தளமும் சுவரும் சேருகிற கோட்டிலேயே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புயல் வராவிட்டாலும் அது ஒழுகியிருக்கும், கொஞ்சம் மெதுவாக.

இதை ஜனவரியிலேயே கண்டுபிடித்திருக்கலாம், இரண்டு நாள் வேலைதான். மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்துவிட்டு, மாடி முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விட வேண்டும். நிறுத்தும் முன் கீழே சீலிங்கை எல்லா மூலையிலும் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்பும் எடுங்கள். குளியலறைக்கு இதே சோதனை டைல்ஸ் போடுவதற்கு முன்பே, குழாய்கள் போவதற்காகத் தளத்தைத் தாழ்த்தி விடுகிற சன்கன் பள்ளத்தை நிரப்புவதற்கு முன்பே செய்ய வேண்டும், மேலே மூடிவிட்டால் அப்புறம் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவது தனி வேதனை. எங்கள் கான்ட்ராக்டர் கொடுத்த செக்லிஸ்ட்டில் இரண்டு பக்கத்துக்குக் குழாய் எண்ணிக்கை, ஃபேன் கொக்கி எண்ணிக்கை, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் இருந்தன, எல்லாவற்றுக்கும் டிக். தண்ணீர் நிறுத்திப் பார்த்தது பற்றி ஒரு வரி இல்லை. செக்லிஸ்ட்டில் எண்ணிக்கைகளைவிடச் சோதனைகள்தான் முக்கியம்: தண்ணீர் நிறுத்தியது, தரை டைல்ஸைத் தட்டிப் பார்த்ததில் எங்கெங்கே பொள்ளல் சத்தம், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் அது விழுந்ததா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியும் இருவர் கையெழுத்தும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாடி சுமார் 900 சதுர அடி, டைல்ஸைப் பெயர்த்து வாட்டம் திருத்தி மறுபடி போட சதுர அடிக்கு 140 வீதம் 1,26,000. குளியலறைக்கு 48,000. ஆக 1,74,000. ரிடென்ஷன் 1,89,750 எங்களிடம் இருந்திருந்தால் அதிலிருந்தே முடிந்து பதினைந்தாயிரம் மிச்சமும் இருந்திருக்கும். ஐந்து சதவீதம் என்று ஏன் வைக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "ரெராவில் போடு, ஐந்து வருஷம் பொறுப்பு உண்டு" என்றார்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவில் அப்படி உண்டுதான், கட்டமைப்பு அல்லது வேலைத்தரக் குறையை ஐந்து வருடத்துக்குள் சொன்னால் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அது வீட்டை விற்கிற புரமோட்டருக்கு. உங்கள் மனையில் கூலிக்கோ மொத்த ரேட்டுக்கோ கட்டிக்கொடுக்கிறவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. அவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒப்பந்தமும் அந்தச் சான்றும்தான். நிறைவுச் சான்று வாங்கும்போது அதிகாரி வந்து பார்ப்பாரே என்றால், தமிழ்நாட்டில் இந்த அளவு சிறிய வீடுகளுக்கு அது தேவையே இல்லை. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

எங்களுக்கு மிச்சமிருந்த வழி நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை ஐம்பது லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம், கட்டணம் ஆயிரம் ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் முதலில் கேட்டது இன்ஜினியர் அறிக்கையைத்தான். ஒழுகுகிறதே என்று அவசரப்பட்டு உடைத்து ரிப்பேர் செய்துவிட்டால் எதிர்த்தரப்பு "உடைச்சதே நீங்கதான்" என்று சொல்லிவிடும்.

இனிமேல் கட்டுபவர்கள் சான்றில் எதை மாற்ற வேண்டும் என்றால், "எந்தக் குறையும் இல்லை" என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு "இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாக" என்று எழுதி, குறைப்பட்டியலை இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கு இந்தக் கையெழுத்து பொருந்தாது என்று ஒரு வரி. பொறுப்புக் காலம் பட்டியல் வேலைகள் முடிந்த நாளிலிருந்து தொடங்கும், திருத்திய இடத்துக்குக் காலம் புதிதாக எண்ணப்படும் என்று இன்னொரு வரி. இல்லையென்றால் எங்களுக்கு நடந்த பெயிண்ட் வேலை மாதிரி மூடி மறைத்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். பிறகு, எழுத்தில் சொல்லி பதினைந்து நாளில் வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து அந்தச் செலவை ரிடென்ஷனில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், சான்றில் எழுதக் கேட்டால் அன்றைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முகூர்த்தம் நெருங்கினால் பூஜைக்கு மட்டும் வீட்டைப் பயன்படுத்துகிறோம், இது ஒப்படைப்பு இல்லை என்று இரண்டு வரி கடிதம் கொடுத்துவிட்டுப் பூஜையை நடத்துங்கள், சான்றைப் பத்து நாள் கழித்து நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அதே கான்ட்ராக்டர் இப்போது இன்னொரு வீடு கட்டுகிறார். அந்த வீட்டுக்காரர் எங்களிடம் வந்து விசாரித்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் பிடித்தம், பாதி சாவி வாங்கும்போது, மீதி பதின்மூன்று மாதம் கழித்து என்று எழுதச் சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டர் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு ஒத்துக்கொண்டாராம்.