லண்டனுக்குப் போன பிள்ளையும் சென்னைக்குப் போன பையனும்: இறங்கிய முதல் இரண்டு வாரம்

ஹட்டனில் நான் உயர்தர வகுப்பு எடுக்கும் அறைக்கு, ஜூலை முடியும்போது பழைய மாணவர்கள் பைலும் கையுமாக வரத் தொடங்குவார்கள். 2025இல் அப்படி வந்தவர்களில் இருவரைப் பற்றித்தான் இந்த அலசல். ஒரு பிள்ளை பிரித்தானியாவுக்கு. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் சென்னைக்கு. பிள்ளையின் அம்மா என் முன்னாலேயே அழுதார். பையனின் அப்பாவுக்குக் கவலையே இல்லை. “இந்தியாதானே சேர், பக்கத்துல. பாஷையும் நம்ம பாஷை, புதுக்கோட்டையில சொந்தக்காரவங்களும் இருக்காங்க” என்றார்.

கடைசியில் தண்டப்பணம் கட்டியது பையன்தான்.

இரண்டு நாடுகளிலும் புது மாணவன் செய்யவேண்டிய வேலைகளை எழுதிப் பார்த்தால் பட்டியல் ஒன்றுபோலவே தெரியும்: சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முகம் காட்டு, சான்றிதழ்களைக் காட்டு, பதிவை உறுதிப்படுத்து, தங்குமிட விலாசம் கொடு. கெடு யாருடைய கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பிரித்தானியாவில் அது பல்கலைக்கழகத்தின் கையில். இந்தியாவில் அரசாங்கத்தின் கையில், ஆனால் அரசாங்கத்திடம் போவதற்கான தாள் கல்லூரியின் கையில். இந்தச் சின்னச் சுற்றுதான் நம் பிள்ளைகளை மாட்டிவிடுகிறது.

முதலில் சென்னை. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் வீசாவில் இந்தியாவுக்குள் போகிறவர், இறங்கிய 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். எல்லோரும் அதை எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்பார்கள். வீசா ஸ்டிக்கரிலேயே இந்த நிபந்தனை எழுதியிருக்கும், வாசித்துப் பார்க்க வேண்டும். இப்போது வரிசையில் நிற்கத் தேவையில்லை, `indianfrro.gov.in` தளத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே கடவுச்சீட்டு, வீசா, விமான நிலையத்தில் அடித்த முத்திரை ஆகியவற்றின் பிரதிகளோடு இன்னும் இரண்டு தாள்கள் கேட்பார்கள். ஒன்று, இவர் எங்கள் மாணவர்தான் என்று கல்லூரி கொடுக்கும் போனஃபைட் சான்றிதழ். மற்றது தங்குமிடத்துக்கான ஆதாரம். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைக்கிறவர், அது விடுதியோ வாடகை வீடோ சொந்தக்காரர் வீடோ, 24 மணித்தியாலத்துக்குள் அப்போது ‘சி’ படிவம் என்றழைத்த ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். இந்த இரண்டையுமே மாணவன் தன் கையால் உண்டாக்க முடியாது. மற்றவர்கள் செய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

நம் பையன் ஜூலை 30, புதன்கிழமை மீனம்பாக்கத்தில் இறங்கினான். இறங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால் ஆகஸ்ட் 12 பதினாலாவது நாள். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். அவன் நேரே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டான். ஆடிப்பெருக்கு 3ஆம் தேதி, தாத்தா விட்டுவந்த ஊர், பார்க்காத சொந்தம். யார் விடுவார்கள்? விருந்து முடிந்து சென்னை விடுதிக்கு வந்தபோது 8ஆம் தேதி, வெள்ளி மாலை. அடுத்த இரண்டு நாளும் கல்லூரி அலுவலகம் பூட்டு. 11ஆம் தேதி திங்கள் போனஃபைட் கேட்டால், “மூலச் சான்றிதழ் சரிபார்த்து முடிந்த பிறகுதான்” என்றார்களாம். வியாழக்கிழமைதான் தாள் கைக்கு வந்தது. அன்றிரவே விண்ணப்பித்தான். இரண்டு நாள் பிந்திவிட்டது. பிந்தியதற்கு விளக்கக் கடிதம், தண்டப்பணம், அதற்கு மேல் ஒரு கேள்வி: ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 8 வரை எங்கே தங்கினீர்கள்? புதுக்கோட்டை மாமாவுக்கு ‘சி’ படிவம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சொந்தக்காரப் பையனுக்கு எதற்குப் படிவம் என்று அவர் கேட்டாராம். கேள்வி நியாயம்தான். ஆனால் கடவுச்சீட்டு வேறு நாட்டுடையது.

ஊர்ப் பயணத்தை இரண்டு வாரம் தள்ளியிருந்தால் கதை வேறு. புதன் இறங்கி அன்றே விடுதியில் சேர்ந்தால் வார்டன் ‘சி’ படிவம் போட்டுவிடுவார். வியாழன் காலை சர்வதேச மாணவர் அலுவலகம், அப்போதே சான்றிதழ் சரிபார்ப்பும் போனஃபைட் விண்ணப்பமும். அதே மூன்று நாள் எடுத்தாலும் செவ்வாய்க்குள் தாள் கையில் இருந்திருக்கும், இன்னும் ஒரு வாரம் மிச்சமாக.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தளத்தில் விண்ணப்பித்தவுடன் ஓர் இலக்கம் வரும். அது பதிவு இல்லை. அனுமதிக்கப்பட்டு, பதிவுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தால்தான் பதிவு. இடையில் “இந்தப் பிரதி தெளிவில்லை, மறுபடி ஏற்று” என்று செய்தி வந்திருக்கலாம், இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சுற்றுலா வீசாவில் போய்ச் சேர்ந்து, அங்கே மாணவர் வீசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகர்களை நம்பவே வேண்டாம்.

இனிப் பிரித்தானியா. அங்கே பொலிஸில் பதிகிற முறை 2022இலேயே நின்றுவிட்டது. கடவுச்சீட்டோடு கொடுத்துவந்த வதிவிட அட்டையும் 2024 முடிவோடு போய்விட்டது, இப்போது வீசா என்பது இணையக் கணக்கில் இருக்கும் ஒரு பதிவு. ஆகவே அரசாங்கத்திடம் போகவேண்டிய அலைச்சல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஸ்பொன்சர் என்ற வகையில் பல்கலைக்கழகம் உங்களைக் கணக்குக் காட்ட வேண்டும். பதிவுக் காலம் முடிந்தும் நீங்கள் பதியவில்லை என்றால், 10 வேலை நாட்களுக்குள் உள்துறை அமைச்சுக்கு அறிவித்துவிடும். அதன்பின் வீசாக் காலம் குறைக்கப்படும், வழக்கமாக 60 நாட்களாக. விளக்கக் கடிதத்தோடும் தண்டப்பணத்தோடும் முடிகிற காரியம் இல்லை அது.

அந்தப் பிள்ளைக்கு வகுப்பு செப்டம்பர் 22, திங்கள். பதிவு முடியும் நாள் ஒக்டோபர் 3. வகுப்புக்கு ஒரு மாதத்துக்கு மேல் முந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், டிக்கெட் எடுக்குமுன் வீசா தொடங்கும் திகதியை இணையக் கணக்கில் பார்க்கச் சொன்னேன். பதிவின் இணையப் பகுதியை ஹட்டனில் இருந்தே முடித்துவிட்டாள். செப்டம்பர் 13 சனிக்கிழமை இறங்கி, செவ்வாய் நேரடிச் சரிபார்ப்புக்குப் போனாள். கடவுச்சீட்டு, பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழ், விமானத்தில் ஏறிய அட்டை (வந்த திகதிக்குச் சாட்சி, குப்பையில் போடவேண்டாம்), வீசாவை நிரூபிக்கும் பகிர்வுக் குறியீடு. இந்தக் குறியீட்டை `gov.uk/view-prove-immigration-status` பக்கத்தில் எடுக்கும்போது வேலைக்கா, வாடகைக்கா, வேறு தேவைக்கா என்று கேட்கும். பல்கலைக்கழகத்துக்கு மூன்றாவது. பலர் முதலாவதை எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பி வருவார்கள்.

அன்றிரவு வட்ஸ்அப்பில் படம் வந்தது: பல்கலைக்கழகப் பெயர் போட்ட துணிப்பை, கையில் பட்டி, சர்வதேச அலுவலக வரவேற்பு மேசையில் சிரிப்பு. “எல்லாம் முடிஞ்சிது சேர்.” பதிவுக் கடிதத்தைத் தரவிறக்கி அனுப்பு என்றேன். வரவில்லை. மாணவர் தளத்தில் அவளுடைய நிலை ‘தற்காலிகப் பதிவு’ என்றே இருந்தது. என்ன குறை? முதல் தவணைக் கட்டணம். அப்பா ஹட்டன் வங்கியில் ஓகஸ்டிலேயே கட்டிவிட்டார், பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அனுப்பும் படிவத்தில் அவளுடைய மாணவர் இலக்கத்தை எழுதவில்லை. யாருடைய பணம் என்று தெரியாமல் அங்கே கிடந்தது. வங்கி கொடுத்த பிரதியோடு நிதிப் பிரிவுக்குப் போனாள். 24ஆம் திகதி நிலை மாறியது, கடிதமும் வந்தது. ஒக்டோபர் 3க்கு ஒன்பது நாள் முன்னால்.

வரவேற்பு மேசை வேறு, பதிவு வேறு. அங்கே பதிவுக் கடிதம் தரவிறங்குகிறதா என்பதுதான் என் சோதனை. வங்கிக் கணக்கு திறக்கவும் அதே கடிதத்தைத்தான் கேட்பார்கள், ஆகவே வீண் வேலையும் இல்லை. வைத்தியரிடம் பெயர் பதிவது, தொலைபேசி அட்டை எல்லாம் அதற்குப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தொல்லை இருந்தது, அது மலையகத்துத் தொல்லை. பெயரும் விலாசமும். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில். அதை மொழிபெயர்த்தவர் ‘லெட்சுமி’ என்று ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம். கடவுச்சீட்டில் இருக்கும் எழுத்தே எல்லாப் படிவத்திலும் வரவேண்டும். சான்றிதழ் மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியை இங்கிருந்தே முடித்துக்கொண்டு போக வேண்டும், அங்கே போய்த் தேட முடியாது. விலாசம் இன்னும் வேடிக்கை. லயன் அறைக்கு இலக்கம் ஏது? தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கடிதம்தானே நமக்கு. படிவம் வீட்டு இலக்கம் இல்லாமல் நகர மறுக்கும். கிராம சேவகர் சான்றிதழில் எப்படி எழுதினாரோ, டிவிஷன், தோட்டம், தபால் நகரம் என்று, அதையே எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் போடுங்கள். ஒரு படிவத்தில் டிவிஷன் பெயரும் இன்னொன்றில் தோட்டப் பெயரும் போட்டுக் குழப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எது லேசு? இறங்கிய பிறகான வேலையை மட்டும் பார்த்தால், நான் பிரித்தானியாவைச் சொல்வேன். வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது, பாதி வேலை ஹட்டனில் இருந்தே முடிகிறது, குறை என்னவென்று திரையில் தெரிகிறது. தவறினால் அடி பலம், ஆனால் தவற நிறைய அசட்டை வேண்டும். இந்தியாவில் அடி சின்னது, தவறுவதோ சுலபம். நேரம் குறுகியது, அடுத்தவர் கையில் இருக்கும் இரண்டு தாளுக்காகக் காத்திருக்க வேண்டும், அதற்கு மேல் ‘நம்ம ஊர்தானே’ என்ற நினைப்பு. செலவையும் சேர்த்து எண்ணுகிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மாறலாம். அது வேறு கதை.

பையனின் தம்பியும் இப்போது சென்னைக்கு விண்ணப்பித்திருக்கிறான். புதுக்கோட்டை மாமா ஆடிப்பெருக்குக்குக் கூப்பிட்டாராம். பிள்ளையார் சதுர்த்திக்கு வருகிறேன் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.