பத்து ஆட்டுப் பண்ணைக்கு வங்கிக் கடன்: இரண்டு விண்ணப்பக் கடிதங்கள், எது கரை சேரும்?

பத்துத் தாய் ஆடு, ஒரு கிடாய். இந்த ஒரே பண்ணைக்கு இரண்டு விதமாகக் கடன் கேட்கலாம். முதல் கடிதம் தரைக்கு மேலே இடைவெளி விட்ட சட்டத் தளமாகப் பரண் அமைத்து, ஆடுகளைக் கொட்டிலிலேயே வைத்து வளர்க்கும் திட்டம். இரண்டாவது, பகலில் மேய்ச்சல், இரவில் எளிய தரைக்கொட்டகை. இரண்டிலும் ஆடுகள் ஒன்றே, இடமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்று தவணை கட்டும், இன்னொன்று கட்டாது.

கீழே வரும் விலைகள் கணக்கு ஓட்டிப் பார்ப்பதற்கான எடுத்துக்காட்டுகள். கடிதத்தில் உங்கள் கையில் உள்ள விலைப்புள்ளியைப் போட்டு, இதே வரிசையில் கணக்கை ஓட்டுங்கள்.

முதலில் இடம். தாய் ஆட்டுக்கு 10 சதுர அடி, கிடாய்க்கு 20, குட்டிக்கு 5 என்று வைத்தால் 13 குட்டிகளோடு சேர்த்து 185 சதுர அடி வரும். நோயுற்ற ஆட்டையும் ஈனப்போகும் ஆட்டையும் தனியே அடைக்க ஒரு மூலை வேண்டும். ஆக 12 அடிக்கு 18 அடி, மொத்தம் 216 சதுர அடி.

| செலவு (ரூபாய்) | பரண் திட்டம் | மேய்ச்சல் திட்டம் |
|---|---|---|
| 10 தாய் ஆடு (தலைக்கு 9,000), 1 கிடாய் (14,000) | 1,04,000 | 1,04,000 |
| கொட்டகை, 216 சதுர அடி | 1,29,600 | 47,500 |
| தீவனம் நறுக்கும் இயந்திரம் | 22,000 | இல்லை |
| தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி | 8,000 | 5,000 |
| தீவனப்புல் நடவு | 6,000 | இல்லை |
| முதலாண்டுக் காப்பீடு (5 சதவீதம்) | 5,200 | 5,200 |
| தொடக்க அடர்தீவனம், மருந்து | 25,200 | 17,300 |
| மொத்தம் | 3,00,000 | 1,79,000 |
| சொந்தப் பங்கு | 45,000 | 29,000 |
| கேட்கும் கடன் | 2,55,000 | 1,50,000 |

இரண்டாவது வரியைப் பாருங்கள். பரண் திட்டத்தில் ஒரு தாய் ஆட்டுக்குக் கொட்டகைச் செலவு மட்டும் 12,960 ரூபாய். ஆட்டின் விலையே 9,000தான். ஆட்டைவிட அதன் வீடு விலை கூடினால் கடனைச் சுமப்பது கடினம். நூறு ஆட்டில் பரவிப்போகும் செலவு பத்து ஆட்டின் தலையில் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

அடுத்தது வருமானம். பெரும்பாலான கடிதங்கள் விழுவது இங்கேதான். "ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு இரண்டு குட்டி, ஆக 40 குட்டி" என்று எழுதினால், ஆடு தெரிந்த மேலாளர் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார். சினைக்காலம் 150 நாள். ஈன்று, பால் கொடுத்து, உடல் தேறி, மீண்டும் பருவத்துக்கு வர மூன்று மாதம் ஆகிறது. ஆக எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று, இரண்டு ஆண்டில் மூன்று. அதிலும் பத்தில் ஒன்று சினை பிடிக்காமல் போகும். ஒன்பது ஆடு ஈன்று, சராசரி ஒன்றரைக் குட்டி என்றால் 13 குட்டி. மேய்ச்சலில் இரண்டு சாகும், ஒன்றை அடுத்த தாயாக நிறுத்த வேண்டும். விற்க மிஞ்சுவது 10.

ஏழு மாதத்தில் மேய்ச்சல் குட்டி 16 கிலோ வரும். உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் தலைக்கு 6,400, ஓர் ஈற்றுக்கு 64,000, ஆண்டுக்கு 96,000. பரணில் நனையாத தரை, குறைந்த குடற்புழு, முழுத் தீவனம் என்பதால் குட்டி 20 கிலோ எட்டும், சாவும் ஒன்றோடு நிற்கும் என்று தாராளமாகவே வைப்போம். விற்பது 11, தலைக்கு 8,000, ஈற்றுக்கு 88,000, ஆண்டுக்கு 1,32,000.

பார்த்தால் பரண் முந்துவதுபோலத் தெரியும். செலவைக் கழித்தால் நிலைமை மாறுகிறது. கொட்டிலிலேயே நிற்கும் ஆட்டுக்கு ஆண்டு முழுவதும் நாளுக்குக் கால் கிலோ அடர்தீவனம் போகும். குட்டிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,500 கிலோ, கிலோ 30 என்றால் 45,000. தீவனப்புல் சாகுபடி 12,000, காப்பீடு 5,200, மருத்துவம் 4,000, மின்சாரம் 2,000. கூட்டினால் 68,200, மிச்சம் 63,800. மேய்ச்சல் திட்டத்தில் சினையின் கடைசி 45 நாளும் ஈன்றபின் 60 நாளும் தாய்க்கு அடர்தீவனம் கொடுத்து, குட்டிக்குக் கொஞ்சம் சேர்த்தால் ஆண்டுக்கு 20,000 ஆகும். மருத்துவம், காப்பீடு எல்லாம் சேர்த்து 29,000. மிச்சம் 67,000.

ஆக மிச்சம் கிட்டத்தட்ட சமம், கடன் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். மேய்ச்சலின் விலையை மறைக்கக் கூடாது: தினமும் ஐந்தாறு மணி நேரம் வீட்டில் ஒருவர் ஆட்டோடு நடக்க வேண்டும். அந்த உழைப்பு இந்தக் கணக்கில் இல்லை. மாதம் 5,600 ரூபாய்க்கு மேல் கூலி கொடுத்து ஆள் வைத்தால் மிச்சம் முழுவதும் கூலியாகிவிடும். மேய்க்க ஆளோ நிலமோ இல்லாதவர் இரண்டாவது கடிதத்தை அப்படியே எழுதக் கூடாது.

இனித் தவணை. வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். பரண் கடிதம் வழக்கம்போல ஐந்தாண்டு மாதத் தவணை கேட்டால் மாதம் 5,418, ஆண்டுக்கு 65,000. மிச்சமே 63,800தான். அதைவிட மோசமானது தொடக்கம். சினையில்லாத ஆடு வாங்கி, இரண்டு மாதம் பழக்கி, கிடாய் சேர்த்தால் 7ஆம் மாதம் ஈற்று, 14ஆம் மாதம் முதல் விற்பனை. அதுவரை 13 தவணை, 70,000 ரூபாய் ஆட்டிலிருந்து வராது. தொடக்கத் தீவனப் பணமும் எட்டாம் மாதம் தீர்ந்துவிடும். அந்த ஆறு மாத இடைவெளியில்தான் பலர் தாய் ஆட்டை விற்றுத் தவணை கட்டுகிறார்கள். அதன்பின் பண்ணை எழுவதில்லை. முதல் ஓராண்டு தவணை விடுப்போடு ஆறு ஆண்டு கேட்டாலும் ஆண்டுக்கு 72,800 கட்ட நேரும். பத்து ஆடு அதைத் தாங்காது.

மேய்ச்சல் கடிதம் ஆறு ஆண்டு கேட்கிறது. முதல் 12 மாதம் தவணை இல்லை, அந்த வட்டி அசலோடு சேரும், பிறகு பத்து அரையாண்டுத் தவணை. ஒரு தவணை 21,400, ஆண்டுக்கு 42,800. மிச்சம் தவணையைப்போல 1.56 மடங்கு. வங்கி பார்க்கும் எண் இதுதான், ஒன்றரைக்கு மேல் காட்டுவது நல்லது. ஈற்றுக்கு 10க்குப் பதில் 8 குட்டி விற்றாலும் 47,800 மிஞ்சும், தவணை கட்டலாம். 7 ஆனால் 38,200, கட்ட முடியாது. இந்த எல்லையைக் கடிதத்திலேயே எழுதுங்கள். மறைத்தவரைவிட எழுதியவரை மேலாளர் நம்புவார்.

ஒரு சிக்கல்: விற்பனை எட்டு மாதத்துக்கு ஒருமுறை (14, 22, 30, 38...), தவணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை (18, 24, 30, 36...). 30ஆம் மாத விற்பனைக்கும் 38ஆம் மாத விற்பனைக்கும் நடுவில் 36ஆம் மாதத் தவணை தனியே நிற்கும். 30ஆம் மாதம் குட்டி விற்றதும் இரண்டு தவணைப் பணத்தை எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது கடிதத்தின் வாசகம்:

> அனுப்புநர்: (பெயர், முகவரி, சேமிப்புக் கணக்கு எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
>
> பொருள்: 10 தாய் ஆடு, 1 கிடாய் கொண்ட பண்ணை அமைக்க ரூ. 1,50,000 கடன் வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> என் சொந்த நிலத்தில் பத்து ஆட்டுப் பண்ணை அமைக்க விரும்புகிறேன். மேய்ச்சலுக்கு நிலமும், மேய்க்க வீட்டில் ஓர் ஆளும் உண்டு. மொத்தச் செலவு ரூ. 1,79,000. இதில் ரூ. 29,000 என் பங்கு. விவரப் பட்டியலும் விலைப்புள்ளிகளும் இணைத்துள்ளேன்.
>
> எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று, ஈற்றுக்கு விற்பனைக்கு 10 குட்டி, குட்டி 16 கிலோ, கிலோ ரூ. 400 என்று கணக்கிட்டுள்ளேன். ஆண்டு வரவு ரூ. 96,000, செலவு ரூ. 29,000, மிச்சம் ரூ. 67,000. வீட்டாள் உழைப்பும் எருவும் இதில் சேர்க்கப்படவில்லை. முதல் விற்பனை 14ஆம் மாதம் நடக்கும். ஈற்றுக்கு 8 குட்டி மட்டும் விற்றாலும் தவணை செலுத்த முடியும்.
>
> எனவே ஆறு ஆண்டுக் காலமும், முதல் 12 மாதம் தவணை விடுப்பும், பிறகு பத்து அரையாண்டுத் தவணையும் அளிக்க வேண்டுகிறேன். கொட்டகை முடிந்ததைப் பார்த்தபின் ஆடு வாங்கும் தொகையை விடுவிக்கலாம். எல்லா ஆடுகளும் காப்பீடு செய்யப்படும்.
>
> இணைப்பு: நில ஆவண நகல், அடையாளச் சான்று, கொட்டகை மதிப்பீடு, ஆட்டு விலைப்புள்ளி, கால்நடை மருத்துவரின் பரிந்துரை, விற்பனை-தவணை அட்டவணை
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், நாள்)

கொட்டகைக்கு முதலில், ஆட்டுக்குப் பிறகு என்று பணத்தை இரண்டாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. முழுப் பணமும் ஒன்றாகக் கைக்கு வந்தால் ஆடு முதலில் வந்துவிடும், கூரை பிறகு. மழையில் நனைந்த ஆட்டுக்குச் சளி நிமோனியாவாக முற்ற ஒரு வாரம் போதும். பத்தையும் ஒரே நாளில் சந்தையில் வாங்குவதும் ஆபத்து. பல மந்தை ஆடுகள் கலந்த இடத்தில் ஆட்டுக்கொல்லி நோய் ஒட்டிக்கொண்டு வரும். மூக்கு, கண் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அதுவாக இருக்கலாம், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரே மந்தையில் வாங்கி, தடுப்பூசி போட்டு, புது ஆடுகளை 21 நாள் ஊர் மந்தையோடு சேர்க்காமல் மேய்ப்பது நல்லது.

காப்பீட்டுக்கு ஆட்டின் காதில் வில்லை போடுவார்கள். வாங்கிய ரசீதின் விலை, கடிதத்தின் விலை, காப்பீட்டுத் தொகை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வில்லை விழுந்தால் அன்றே தெரிவித்துப் புதிது போட வேண்டும். வில்லை இல்லாத ஆடு செத்தால் இழப்பீடு கிடைப்பது அரிது.

மேய்ச்சல் கடிதத்தின் பலவீனம் தரை. ஒன்றரை அடி உயர்த்தி, சரளை மண் போட்டு, ஒரு பக்கம் சரிவு விட்டால் மூத்திரம் தேங்காது. அப்படியும் குட்டிச் சாவு ஈற்றுக்கு மூன்றைத் தாண்டினால், குட்டிகள் படுக்க மட்டும் 65 சதுர அடியில் மரச்சட்டப் பரண் போடலாம். பரணின் பெரும் பயன் குட்டிக்குத்தான். அதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு லட்சம் கூடுதல் கடன் தேவையில்லை.