நீளம் மட்டும் ஏன் குறைகிறது? மூன்று உருப்படி டி-ஷர்ட் கட்டைப் பற்றி

கடையில் விலை இறங்கியதும் அலுவலக நண்பர் கேட்டார்: "அண்ணே, நீங்க போட்டுட்டு வர்ற அந்த மூணு உருப்படி கட்டு, வாங்கலாமா?" துணி, தையல், நிறம் எதற்கும் குறை சொல்ல முடியாது. கழுத்துப்பட்டி இன்னும் தொளதொளக்கவில்லை. ஆனால் எம்ஆர்டியில் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தால் தொப்புள் வெளியே தெரிகிறது. அதைச் சொல்லாமல் "வாங்குங்க" என்று சொல்ல மனம் வரவில்லை.

கட்டில் ஒன்று இன்னும் துவைக்காமல் மடிப்போடு இருந்தது. அதையும் பழையதையும் தரையில் விரித்து அளந்தேன். தோளிலிருந்து கீழ்மடிப்பு வரை புதியது 72 செ.மீ., பழையது 67. அக்குளுக்குக் கீழே அகலம் புதியதில் 54, பழையதில் 53. நீளத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் போயிருக்கிறது, அகலத்தில் 2 கூட இல்லை.

நூல் சுருங்கிவிட்டது என்று நினைத்தால், அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைய வேண்டும். நூலின் நீளம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது, மாறியது பின்னலில் நூல் போடும் வளையமான கண்ணியின் வடிவம். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். புதியதில் ஓர் அங்குல உயரத்தில் 43 கண்ணி வரிசைகள், பழையதில் 46. குறுக்காக எண்ணினால் இரண்டிலும் 36, 37தான் வருகிறது. சட்டையில் இருக்கும் மொத்த வரிசைகள் அதேதான், நெருங்கி உட்கார்ந்துவிட்டன.

இது ஏன் நீளவாக்கில் நடக்கிறது? திருப்பூரில் பனியன் துணித் தொழிலில் இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்லித்தான் புரிந்தது. வட்ட மெஷினில் பின்னும்போதே கீழே இருக்கும் உருளைகள் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் சாயம், பிழிதல், உலர்த்தல் என்று எங்கே போனாலும் துணி நீளவாக்கில்தான் ஓடும், இழுவையும் அந்தப் பக்கம்தான் விழும். அதனால் கண்ணி உயர்ந்து ஒடுங்கிப் போகிறது. நூலுக்கும் நூலுக்கும் இருக்கும் உராய்வு அதை அந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. வீட்டில் தண்ணீர் பட்டு பருத்தி உப்பி, டிரம் குலுக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. கண்ணி தனக்கு இயல்பான குட்டையான, பருத்த வடிவத்துக்குத் திரும்புகிறது. உயரம் குறையும்போது அகலம் கொஞ்சம் விரியத்தான் பார்க்கும், அதனால்தான் அகலத்தில் இழப்பு தெரிவதில்லை. சில சட்டைகள் அகலத்தில் பெருக்கவே செய்கின்றன. ஆலையில் அகலவாக்கில் இழுத்து உலர்த்திய துணியென்றால் மட்டும் அகலமும் நன்றாகக் குறையும். கண்ணியில் இருக்கும் நூலின் நீளம்தான் துணியின் நிலையான அளவைத் தீர்மானிக்கிறது என்று பின்னல் துணி ஆய்வாளர் மண்டன் 1959லேயே காட்டிவிட்டார்.

இதை ஆலையிலேயே சரிசெய்யலாம். காம்பாக்டிங் என்று ஒரு வேலை இருக்கிறது: துணியை வேகமாக உள்ளே தள்ளி மெதுவாக வெளியே விட்டு, கண்ணிகளை முன்கூட்டியே நெருக்கி வைப்பது. ஆனால் நெருக்கினால் துணி கனக்கும், ஒரு சட்டைக்குக் கூடுதல் எடை துணி வேண்டும். அங்கே மிச்சம் பிடித்த கிராம்கள்தான் என் தொப்புளில் வந்து நிற்கின்றன.

வெந்நீரைக் குறை சொல்வார்கள். நான் குளிர்ந்த நீரில்தான் துவைக்கிறேன், ஆனாலும் குறைந்தது. பெரிய வேலையைச் செய்தது உலர்த்தி. டிசம்பர் மழையில் வேறு வழியில்லாமல் அதில் போட்ட சட்டைதான் இது. குலுக்கிக் குலுக்கியே உலர்த்துவதால் கண்ணி முழுதாகத் தளர்ந்துவிடுகிறது. கட்டின் இன்னொரு சட்டை எப்போதும் வீவக வீட்டின் மூங்கில் கழியில் தொங்கியது. கைக்குள் கழியைச் செருகித் தொங்கவிட்டால், ஈரத்தின் கனமே அதைக் கீழே இழுக்கிறது. அது இன்னும் 70 செ.மீ. இருக்கிறது. ஒருநாள் உலர்த்தியில் போட்டால் அந்த மீதமும் போய்விடும் என்பதுதான் பயம். சுருங்கியதை ஈரத்தோடு நீளமாக இழுத்துப் பரப்பி உலர்த்தினால் 2, 3 செ.மீ. திரும்பும், அடுத்த துவைப்பு வரை.

"அப்போ ஒரு சைஸ் பெருசா வாங்கிக்கலாமா?" என்றார் நண்பர். அதைவிட மோசமான யோசனை இல்லை. நீளம் கிடைக்கும், ஆனால் குறையாத அகலமும் கூடவே பெருத்து, ஆள் சதுரமாகத் தெரிவார். நீளமான வெட்டில் தைத்ததாகப் பாருங்கள், இல்லையென்றால் பாலியெஸ்டர் கலந்ததைப் பாருங்கள் என்றேன்.

எல்லாம் சொல்லிவிட்டு அன்று மாலையே இன்னும் ஒரு கட்டு வாங்கினேன். இரண்டு வெள்ளி குறைந்திருக்கிறது, கழுத்துப்பட்டி நன்றாக இருக்கிறது, கழி காலியாகத்தான் இருக்கிறது.