வரி பாக்கிக்கு வட்டி: தனிவட்டியா, கூட்டுவட்டியா?

வரி பாக்கி என்றதும் வட்டிக்கு வட்டி ஏறும் என்று பலர் பயப்படுகிறார்கள். 2024 கணக்குக்குப் பொருந்தும் இந்திய வருமான வரிச் சட்டம், 1961-இல், வருமானக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்வதற்கு 234ஏ பிரிவு வாங்குவது தனிவட்டிதான்: மாதம் 1 சதவீதம், அசலுக்கு மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்ட வேண்டிய வரி 50,000 ரூபாய். கெடு 31 ஜூலை 2024. வரியும் கணக்கும் டிசம்பர் 2-இல் போகின்றன. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 5 மாதம். வட்டி 5%, அதாவது 2,500 ரூபாய். இதே விகிதம் மாதக் கூட்டுவட்டியாக இருந்தால் 5.10%, சுமார் 2,551 ரூபாய். வித்தியாசம் வெறும் 51 ரூபாய்!

டிசம்பரில் கடந்தது இரண்டே நாள். ஆனால் மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்தான். நவம்பர் 30-க்குள் முடித்திருந்தால் 500 ரூபாய் மிச்சம். சில மாதப் பாக்கியில் நான் முதலில் பார்ப்பது இந்தத் தேதியைத்தான்.

கூட்டுவட்டி கடிப்பது நாள் போகப் போகத்தான். 12 மாதத்தில் தனிவட்டி 12% என்றால் கூட்டுவட்டி 12.68%. 36 மாதத்தில் தனிவட்டி 36%, கூட்டுவட்டி 43.08%; அதே 50,000-க்கு முறையே 18,000 ரூபாய், 21,538 ரூபாய். அப்புறம், முன்கூட்டிய வரி கட்டாததற்கான 234பி வட்டி தனி. அதுவும் தனிவட்டிதான்.