ஃப்ளூட்ரோகார்டிசோன், மிடோட்ரின், உப்பு: ரெண்டு வருஷம் சாப்பிட்டதுல எனக்குப் புரிஞ்சது

எனக்கு படுத்திருக்கும்போது பிபி 118/74 இருக்கும், எழுந்து நின்னு 3 நிமிஷத்துல 84/56க்கு இறங்கிடும், கண்ணு இருட்டும், கழுத்தும் தோளும் இழுத்துப் பிடிக்கும், எதையாவது பிடிச்சுக்கலன்னா விழுந்துருவேன். நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20 இறங்கினாலே அதுக்கு ஆர்த்தோஸ்டேடிக் ஹைப்போடென்ஷன்னு பேர் வச்சிருக்காங்க, எனக்கு 34 இறங்குது.

முதல்ல டாக்டர் உப்பத்தான் கூட்டச் சொன்னார், மொத்தமா ஒரு நாளைக்கு 10 கிராம் வரணும், கூடவே ரெண்டரை லிட்டர் தண்ணி. நான் அவசரக்காரன், காலைல வெறும் வயித்துல அரை டீஸ்பூன் உப்ப ஒரு டம்ளர்ல கலக்கி குடிச்சேன், குமட்டலும் பேதியுமா உள்ள போன தண்ணியும் வெளிய போயிடுச்சு. அப்புறம் சாப்பாட்டுலயே பிரிச்சுப் போட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு "நிறையத்தான் சாப்பிடுறேன் டாக்டர்"னு சொன்னேன், அவர் பேசாம 24 மணி நேர யூரின் சோடியம் எழுதிக் குடுத்தார். 170 மில்லிமோலுக்கு மேல வரணுமாம், எனக்கு 95 வந்துச்சு. நாக்கு உப்புன்னு சொன்னத கிட்னி ஒத்துக்கல. ஹார்ட், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க, ஏற்கனவே பிபி ஏறுறவங்க இத தானா ஆரம்பிச்சுடாதீங்க.

உப்பு சரியா போக ஆரம்பிச்ச பிறகுதான் ஃப்ளூட்ரோகார்டிசோன், 0.1 மில்லிகிராம் மாத்திரைல பாதி, ஒரு வாரம் கழிச்சு முழுசு. இது உள்ள வர்ற சோடியத்த கிட்னி வெளிய விடாம பிடிச்சு வைக்கிற மருந்து, உள்ள உப்பே வரலன்னா எத பிடிக்கும், அதான் முதல்ல உப்பு. முதல் வாரம் ஒண்ணுமே தெரியல, பத்தாவது நாள் வாக்குல குக்கர் விசில் வரைக்கும் அடுப்படில நிக்க முடிஞ்சுது. எடை ஒன்றரை கிலோ ஏறிச்சு, சாயங்காலம் சாக்ஸ் போட்ட இடத்துல தடம் விழும், தலைவலியும் கொஞ்சம். ஆனா எனக்கு வந்த பெரிய தொல்லை வேற. ரெண்டாவது மாசம் ராத்திரி கெண்டைக்கால் இழுத்துச்சு, படி ஏறுனா தொடை பலமில்லாம துவண்டுச்சு, நான் வயசுன்னு நெனச்சேன், ரத்தத்துல பொட்டாசியம் பாத்தா 3.1, 3.5க்கு கீழ போகவே கூடாது. சோடியத்த பிடிக்கிற அதே வேலைல இது பொட்டாசியத்த வெளிய தள்ளிடும். பொட்டாசியம் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். இந்த மருந்த குடுத்துட்டு பொட்டாசியம் பாக்கச் சொல்லலன்னா நீங்களே கேளுங்க.

அப்பவும் நின்னா 96தான் வந்துச்சு, அதனால மிடோட்ரின் சேத்தாங்க, 2.5ல ஆரம்பிச்சு இப்ப 5 மில்லிகிராம், மூணு வேளை. இது ரத்தக்குழாய இறுக்குற மருந்து. போட்டு அரை மணி, முக்கா மணி நேரத்துல மண்டைத்தோல் முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், மயிர்க்கூச்செறியும், எனக்கு இப்ப அதுதான் கடிகாரம், ஊறல் வந்தா எழுந்து வேலைய பாக்கலாம்னு அர்த்தம். மூணு நாலு மணி நேரத்துல அடங்கிடும். சிலருக்கு யூரின் போறது தடைபடும், ப்ராஸ்டேட் பிரச்சனை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

நான் பண்ண தப்பு இதுலதான். 1 மணிக்கு மாத்திரைய போட்டுட்டு, சாப்பிட்டதும் அசதியா இருக்குன்னு ஒன்றரைக்கு படுத்துட்டேன். நெஞ்சுக்குள்ள மட்டும் இல்ல, காதுக்குள்ளயும் துடிப்பு கேட்டுச்சு, மிஷின கட்டிப் பாத்தா 182/104. நின்னா 84ல விழுற அதே ஆள்! தலகாணிய அடுக்கி நேரா உக்காந்ததும் இருபது நிமிஷத்துல 140க்கு வந்துச்சு. படுத்தா கீழ தேங்குற ரத்தம் மேல வந்துடும், குழாயோ இறுகி இருக்கு, வேற எங்க போகும். அப்புறம் நேரத்த மாத்தினோம், 7, 11, 3, சாயங்காலத்துக்கு மேல தொடவே மாட்டேன், கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் குறைஞ்சது நாலு மணி நேரம். பகல்ல படுக்கப் போறேன்னா அந்த வேளைய விட்டுடணும்னு டாக்டரே சொல்லிட்டார். கட்டில் தலைமாட்டுக்குக் கீழ கட்டை வச்சு தூக்கியிருக்கேன். வாரத்துல ரெண்டு நாள் படுத்தபடியும் பாக்குறேன், நின்னு பாத்தது மட்டும் எழுதி வச்சிருந்தா அந்த 182 யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்ப நின்னா 104, 106 வருது. வெந்நீர்ல குளிச்சிட்டு வெளிய வர்ற அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் மூணும் சேந்தாலும் பத்தல, பாத்ரூம்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துதான் தல துவட்டுறேன்.