தெருவோர அழகு நிலையத்துக்குத் துண்டறிக்கையா, கைப்பேசி விளம்பரமா?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஓர் அழகு நிலையம் இருப்பதாகக் கொள்வோம். புருவம் திருத்தவும் முடி வெட்டவும் வருபவர்கள் பெரும்பாலும் நடந்து வரும் தூரத்தில் வசிப்பவர்கள். எனவே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எந்தத் தெருவினர் பார்த்தார்கள் என்பதே முக்கியம்.

இங்கே துண்டறிக்கை வலுவானது. நாளிதழ் முகவரிடம் குறிப்பிட்ட தெருக்களுக்குச் செல்லும் கட்டுகளில் மட்டும் வைக்கச் சொல்லலாம். ஒவ்வொரு பகுதிக்கும் வேறு குறியெழுத்து அச்சிட்டு, தாளைக் கொண்டுவந்தால் சலுகை என்று அறிவித்தால், எந்தப் பகுதி பலன் தந்தது என்பது கல்லாவிலேயே தெரிந்துவிடும். ஒரு குறிகூடத் திரும்பவில்லை என்றால், தாள்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று விசாரிக்க வேண்டும். சுவரொட்டி அடுத்த நாளே வேறொன்றால் மறைக்கப்படலாம். உள்ளூர் கேபிளின் ஓடும் வரி அந்த இணைப்புள்ள வீடுகளோடு நிற்கும். வானொலியோ மாவட்டம் முழுவதற்கும் ஒலிப்பதால், ஒரு பேட்டைக்கு மிகையான செலவு.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் வட்டம் போடலாம். ஆனால் அவ்வட்டம் அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் வந்துபோனவர்களையும் சேர்த்துக்கொள்வதால், பெங்களூரு நெடுஞ்சாலையில் கடந்து செல்பவர்களுக்கும் நம் பணம் செலவாகக்கூடும். மணப்பெண் அலங்காரத்துக்கு மட்டும் நான் இதையே தேர்வேன். அதற்குத் தொலைவிலிருந்தும் வருவார்கள், முன்பு செய்த அலங்காரத்தின் படங்களைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். கூகுள் வரைபடப் பதிவு இலவசம் என்பதால், நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாகக் கொடுத்து அதை முதலில் முடித்துவிட வேண்டும்.