மனச்சோர்வு மாத்திரை எழுதித் தரும்போது இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்

பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் ஆண், பெண் இருவருக்கும் வரக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

மனச்சோர்வுக்குப் போன கிளினிக்கில் பராக்ஸெட்டின் சி.ஆர். 25 எழுதிக் கொடுத்தார்கள். வாய் உலரும், தூக்கம் வரும் என்றார் டாக்டர். அவ்வளவுதான். மாத்திரை வேலை செய்தது, மனசு தெளிந்தது. ஆனால் சில வாரங்களில் உறவின்போது உச்சம் தள்ளிப்போக ஆரம்பித்தது. ஆசை இருந்தது, விறைப்பும் இருந்தது, எவ்வளவு நேரமானாலும் விந்து வராது. களைத்துப்போய் பாதியில் நிறுத்துவோம். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று மனைவி அழுதாள். டாக்டரிடம் சொன்னபோது, "அது உங்க டென்ஷன்தான் சார், மாத்திரையைத் தொடருங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

இது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. விந்து சீக்கிரம் வெளியேறுகிறவர்களுக்கு அதைத் தள்ளிப்போடவே டாக்டர்கள் இதே பராக்ஸெட்டினைத் தருவதுண்டு. செரட்டோனினைக் கூட்டும் செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. பராக்ஸெட்டினில் அதிகம்.

அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் முதலில் கேட்டது, "மாத்திரைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?" மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும். மனசு தெளிந்த பிறகு உச்சம் மட்டும் தள்ளிப்போனால் மாத்திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார். சிலருக்குக் காத்திருந்தால் சரியாகும், பலருக்கு ஆகாது. அளவைக் குறைக்கலாம், புப்ரோபியான், மிர்டசபின் போன்றவற்றுக்கு மாறலாம். விறைப்புக் குறைவென்றால் சில்டெனாஃபில் உதவும். எனக்கு 12.5க்குக் குறைத்து, பிறகு மெதுவாக நிறுத்தி, புப்ரோபியானுக்கு மாற்றினார். அதற்கு முன் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். வந்தவர்களுக்கு அது ஆகாது. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும், மனச்சோர்வும் திரும்பலாம்.

தாமதம் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் நிறுத்திப் பல மாதமாகியும் பிறப்புறுப்பில் உணர்ச்சி மங்கலாகவே இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, சுகம் தெரியவில்லை. சர்க்கரை, டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் எல்லாம் பரிசோதித்தோம், குறை எதுவுமில்லை. நிறுத்திய பிறகும் இப்படித் தொடரலாம் என்பதை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019லேயே பரிந்துரைத்திருக்கிறது. நிரூபணமான சிகிச்சை இன்னும் இல்லை, சிலருக்குக் காலப்போக்கில் குறையும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கேட்டிருப்பேன். அதுதான் என் கோபம்.

உங்களுக்கும் இப்படி இருந்தால், எந்த மாத்திரை, எந்த அளவு, எப்போது ஆரம்பித்தது, நிறுத்திய பிறகு என்ன மாறியது என்று எழுதி எடுத்துப் போங்கள். மருந்தின் பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற அரசின் இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.